எஸ்ஏபியில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால்: எங்கே தடுத்தது என்று கண்டுபிடிக்கும் வழி

எஸ்ஏபியில் வேலை செய்யும் பயனர்களும், ரோல்களைக் கவனித்துக்கொள்ளும் அட்மின்களும் ஒருவரிடம் ஒருவர் கேட்கிற கேள்விகளைக் கொண்டு இதை எழுதியிருக்கிறேன். எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தக் கேள்விக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது, மற்றவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

## “அனுமதி இல்லை” என்று சொல்வது யார்?

எஸ்ஏபி தானாகச் சொல்வதில்லை, அந்தத் திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம் சொல்கிறது. புரோகிராமுக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```abap
AUTHORITY-CHECK OBJECT 'M_BEST_WRK'
  ID 'ACTVT' FIELD '01'
  ID 'WERKS' FIELD '1200'.
IF sy-subrc <> 0.
  " இங்கேதான் பிழைச் செய்தி வரும்
ENDIF.
```

“இந்தப் பயனருக்கு 1200 என்ற பிளான்ட்டில் பர்ச்சேஸ் ஆர்டர் உருவாக்க அனுமதி இருக்கிறதா?” என்பதுதான் இதன் பொருள். `M_BEST_WRK` என்பது ஆத்ரைசேஷன் ஆப்ஜெக்ட். `ACTVT` என்பது செய்யும் வேலை: 01 உருவாக்க, 02 மாற்ற, 03 பார்க்க. `WERKS` என்பது பிளான்ட். பயனர் உள்ளே நுழையும்போது அவருடைய ரோல்களிலிருந்து வரும் அனுமதிகள் ஒரு பஃபரில் ஏறியிருக்கும். கேள்வியை அந்தப் பஃபரோடு ஒப்பிட்டுப் பார்த்து, சிஸ்டம் ஒரே ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பது புரோகிராம் எழுதியவரின் முடிவு. ஒருவர் சிவப்பில் பிழை காட்டுவார், இன்னொருவர் பட்டனை மட்டும் மறைத்துவிடுவார், வேறொருவர் பட்டியலிலிருந்து சில வரிகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். அதனால்தான் ஒரே குறைக்கு ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு விதமான அறிகுறி தெரிகிறது.

அந்த எண்ணை அட்மின் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 0 என்றால் அனுமதி உண்டு. 4 என்றால் அந்த ஆப்ஜெக்ட் பயனரிடம் இருக்கிறது, ஆனால் கேட்ட மதிப்புகள் பொருந்தவில்லை. 12 என்றால் அந்த ஆப்ஜெக்ட்டே பயனரிடம் இல்லை. 4 வந்தால் ரோலுக்குள் இருக்கும் மதிப்புகளைப் பார்க்க வேண்டும். 12 வந்தால், இருக்க வேண்டிய ரோல் அவரிடம் வந்து சேர்ந்ததா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

## பிழை வந்தவுடன் பயனர் என்ன செய்ய வேண்டும்?

வேறு எதையும் தொடாமல், கமாண்ட் கட்டத்தில் `/oSU53` என்று அடியுங்கள். பலர் பழக்கத்தில் `/nSU53` என்று அடிப்பார்கள். `/n` இப்போதிருக்கும் திரையை மூடிவிட்டுத்தான் புதியதைத் திறக்கும், சேமிக்காமல் வைத்திருந்த பத்து வரி ஆர்டர் அதோடு போய்விடும். `/o` புதிய ஜன்னலில் திறக்கும், பழைய ஜன்னல் அப்படியே இருக்கும்.

SU53 திரையில், உங்களுக்குக் கிடைக்காமல் போன அனுமதியின் ஆப்ஜெக்ட் பெயரும் கேட்கப்பட்ட மதிப்புகளும் இருக்கும். அதற்குக் கீழே, அதே ஆப்ஜெக்ட்டில் உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதும் வரும். முழுத் திரையையும் படம் எடுத்து அனுப்புங்கள், மேல் பாதியை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம். கூடவே எந்த டிகோட், எந்த ஆவண எண் அல்லது பிளான்ட், எந்தப் பட்டனை அழுத்தியபோது வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த கிளையன்ட்டில் இருந்தீர்கள் என்பதும் தேவை. டெஸ்ட் சிஸ்டத்தில் இருந்துகொண்டு புரொடக்‌ஷன் என்று நினைத்துப் புகார் கொடுப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

SU53 பயனருக்குத் திறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. அட்மின் தன் திரையில் SU53-ஐத் திறந்து, வேறு பயனரின் பெயரைக் கொடுத்து அதையே பார்க்க முடியும்.

## டிகோடே திறக்கவில்லை, `You are not authorized to use transaction` என்று வருகிறது.

இது எல்லாவற்றிலும் எளியது. டிகோட் அடித்ததும் நடக்கும் முதல் சோதனை `S_TCODE` என்ற ஆப்ஜெக்ட்டில், `TCD` என்ற ஃபீல்டில் அந்த டிகோட் இருக்கிறதா என்பது. SU53-இல் `S_TCODE` என்று வந்தால் அந்த டிகோட் பயனரின் எந்த ரோலிலும் இல்லை என்று பொருள்.

`S_TCODE` இருந்தும் வாசலிலேயே நின்றுவிட்டால் SE93-இல் அந்த டிகோடைத் திறந்து பாருங்கள். சில டிகோட்களுக்கு அங்கேயே இன்னொரு ஆப்ஜெக்ட்டும் மதிப்பும் எழுதியிருப்பார்கள், தொடங்கும்போதே அதுவும் சோதிக்கப்படும்.

இங்கே அட்மின்களிடம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். டிகோடைச் சேர்க்கும்போது PFCG-இல் ரோலின் மெனு வழியாகச் சேர்த்துவிடுங்கள். `S_TCODE`-ஐ நேரே திறந்து கையால் ஒரு வரி எழுதிவிட்டால் கதவு திறக்கும், ஆனால் உள்ளே தேவைப்படும் மற்ற ஆப்ஜெக்ட்கள் எதுவும் வராது. மெனு வழியாகப் போனால் SU24-இல் அந்த டிகோடுக்கு என்று வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்கள் தாமாகவே ரோலுக்குள் வந்து அமரும். கையால் சேர்த்தவர் அன்றைக்கு ஒரு டிக்கெட்டை முடிப்பார், மறுநாள் அதே பயனரிடமிருந்து மூன்று டிக்கெட் வரும்.

## திரை திறக்கிறது, பாதி வேலையில் தடுக்கிறது. ரோலில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது!

அட்மின்களை அதிகம் குழப்புவது இதுதான், அதனால் ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்த்துவிடுவோம்.

பர்ச்சேஸ் பிரிவில் ஒருவர். அவர் எப்போதும் 1100 பிளான்ட்டுக்கு ஆர்டர் போடுகிறவர். பக்கத்து பிளான்ட்டில் ஒருவர் விடுப்பில் போக, 1200-க்கும் இவரையே போடச் சொல்கிறார்கள். ME21N திறக்கிறது. பர்ச்சேஸிங் ஆர்கனைசேஷன், குரூப் எல்லாம் போடுகிறார், பிரச்சினை இல்லை. ஐட்டம் வரியில் பிளான்ட் 1200 என்று அடித்து என்டர் தட்டியதும், அந்த பிளான்ட்டில் அனுமதி இல்லை என்று நின்றுவிடுகிறது. SU53 இப்படி வருகிறது:

```
M_BEST_WRK
  ACTVT   01
  WERKS   1200
```

அட்மின் அவருடைய ரோல்களைப் பார்க்கிறார். இரண்டு ரோல்கள் இருக்கின்றன:

```
Z_MM_PO_1100    M_BEST_WRK   ACTVT 01,02,03   WERKS 1100
Z_MM_PO_DISP    M_BEST_WRK   ACTVT 03         WERKS *
```

“01 இருக்கிறது. 1200-ஐயும் நட்சத்திரக் குறி சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் ஏன் தடுக்கிறது?” என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

ஒரு சோதனையில் கேட்கப்படும் எல்லா ஃபீல்டுகளும் ஒரே அனுமதியின் உள்ளேயே பொருந்த வேண்டும். முதல் அனுமதியிலிருந்து 01-ஐயும் இரண்டாவதிலிருந்து 1200-ஐயும் எடுத்துச் சிஸ்டம் ஒட்டவைக்காது. முதல் வரியைப் பார்க்கிறது: 01 சரி, 1200 இல்லை. இரண்டாவது வரியைப் பார்க்கிறது: 1200 சரி, 01 இல்லை. இரண்டுமே தோல்வி, ஆனால் ஆப்ஜெக்ட் பயனரிடம் இருக்கிறது, ஆகவே திரும்பும் எண் 4. அந்த எண் 12 ஆக வந்திருந்தால் நாம் வேறு இடத்தில் தேடியிருப்போம்.

இதை மறுபக்கமும் பார்க்க வேண்டும். வேறு வேறு ஆப்ஜெக்ட்கள் என்றால் ரோல்கள் தாராளமாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு ரோலிலிருந்து வரும் `S_TCODE`-உம் இன்னொரு ரோலிலிருந்து வரும் `M_BEST_WRK`-உம் சேர்ந்து ஒரு வேலையை முடித்துவிடும். அதனால் “இந்த ரோலில் டிகோட் மட்டும்தானே இருக்கிறது” என்று அலட்சியமாகக் கொடுக்கக் கூடாது. பயனரிடம் ஏற்கெனவே இருக்கும் ரோலோடு சேர்ந்து, நீங்கள் நினைக்காத ஒரு வாசல் திறந்துவிடும்.

ரோலுக்குள் இருக்கும் மதிப்புகளை SE16-இல் `AGR_1251` டேபிளில் பார்ப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, `AUTH` என்ற பத்தி. அதே `AUTH` பெயர் உள்ள வரிகள்தான் ஒரே அனுமதியைச் சேர்ந்தவை, ஒன்றாகப் படிக்க வேண்டியவை. அதை விட்டுவிட்டு ஆப்ஜெக்ட் பெயரை மட்டும் வடிகட்டினால் எல்லா மதிப்புகளும் கலந்து தெரியும், மேலே சொன்ன குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. இரண்டாவது, பிளான்ட் போன்ற நிறுவன மட்டத்து ஃபீல்டுகளில் உண்மையான மதிப்பு அந்த டேபிளில் இருக்காது, `$WERKS` என்று மட்டும் இருக்கும். உண்மை மதிப்பு `AGR_1252`-இல் இருக்கிறது.

சரி, திருத்துவது எப்படி? அவசரத்தில் கை போகும் இடம் `Z_MM_PO_1100`-ஐத் திறந்து 1200-ஐயும் சேர்ப்பது. செய்யாதீர்கள். அந்த ரோலை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அந்த நிமிடமே 1200-இல் ஆர்டர் போடும் உரிமை வந்துவிடும். ஒரு முதன்மை ரோலிலிருந்து பிளான்ட் வாரியாகப் பிரித்த ரோல்கள் உங்கள் சிஸ்டத்தில் இருந்தால், `Z_MM_PO_1200` போல ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதை இந்தப் பயனருக்கு, விடுப்பு முடியும் தேதி வரை மட்டும், முடிவுத் தேதி போட்டுக் கொடுப்பதுதான் சரி. எந்த ரோலில் இந்த மதிப்புகள் இருக்கின்றன என்று தெரியாவிட்டால் SUIM-இல் ரோல்கள் பகுதிக்குப் போய், ஆத்ரைசேஷன் மதிப்புகளைக் கொடுத்துத் தேடுங்கள்: ஆப்ஜெக்ட் `M_BEST_WRK`, `ACTVT` 01, `WERKS` 1200.

கொடுக்கும் முன் இன்னொன்று. 1200-இல் சரக்கு வந்ததைப் பதிவு செய்யும் உரிமை இவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டர் போடுகிறவரே சரக்கையும் வரவு வைத்தால், வராத சரக்குக்குப் பணம் போக வழி உண்டு, தணிக்கையில் முதலில் கேட்பதும் இதைத்தான். இருந்தால், பிளான்ட்டின் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான், அட்மின் அல்ல.

## SU53 காட்டியதைக் கொடுத்துவிட்டோம். அப்புறமும் அதே பிழை.

SU53-ஐத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டதால் வரும் வினை இது. SU53 காட்டுவது, பயனருக்குத் தோற்றுப்போன சோதனையை. அது அவரைத் தடுத்த சோதனையாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஏன் என்று பாருங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் திரை தொடங்கும்போது, இந்தப் பயனர் விலையைப் பார்க்கலாமா என்றும் கேட்கும். அதற்கான `ACTVT` 09. பயனருக்கு 09 இல்லையென்றால் புரோகிராம் பிழை எதுவும் காட்டாது, விலை இருக்கும் இடத்தை மட்டும் காலியாக வைத்துவிட்டு வேலையைத் தொடரும். ஆனால் தோல்வி தோல்விதான், SU53-இல் பதிவாகிவிடும். அதேபோல் “இது இல்லாவிட்டால் அது இருக்கிறதா” என்று இரண்டு மூன்று ஆப்ஜெக்ட்களை வரிசையாகக் கேட்டுப்பார்க்கும் புரோகிராம்களும் உண்டு. முதல் கேள்வியில் தோற்று மூன்றாவதில் ஜெயித்து உள்ளே போய்விடுவார், பதிவில் மட்டும் தோல்வி நிற்கும். பிழை வந்த பிறகு பயனர் பதற்றத்தில் வேறு ஏதாவது பட்டனைத் தட்டியிருந்தாலும் அந்தப் புதிய தோல்வி மேலே வந்து உட்காரும். புதிய பதிப்புகளில் SU53 ஒன்றுக்கும் மேற்பட்ட அண்மைத் தோல்விகளைக் காட்டுவதால் இது கொஞ்சம் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை.

இதைத் தெரியாமல், SU53 காட்டுவதையெல்லாம் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகிற அட்மின், பயனருக்குத் தேவையே இல்லாத அனுமதிகளைக் கொடுக்கிறார். விலை பார்க்கக் கூடாது என்று வேண்டுமென்றே விலக்கிவைத்த ஒருவருக்கு, ஒரு பிழையைத் தீர்க்கும் சாக்கில் விலை தெரிந்துவிடும். அதை யாரும் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

ஆகவே SU53 காட்டுவதைக் கொடுத்தும் தீரவில்லை என்றால், கொடுத்ததைத் திரும்ப எடுத்துவிட்டு, நடக்கும் ஒவ்வொரு சோதனையையும் அதன் எண்ணோடு பதிந்துவைக்கும் டிரேஸுக்குப் போங்கள். STAUTHTRACE-ஐத் திறந்து, பயனர் பெயரைப் போட்டு, டிரேஸை இயக்குங்கள். பயனரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டே, பிழை வரும் இடம் வரை ஒருமுறை மட்டும் செய்யச் சொல்லுங்கள். பிழை வந்த கணம் “நிறுத்துங்கள், எதையும் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு டிரேஸை அணையுங்கள். பிறகு முடிவைத் திறந்து பாருங்கள்.

இங்கே ஒரு இடறல் இருக்கிறது. டிரேஸ் என்பது ஒவ்வொரு அப்ளிகேஷன் சர்வரிலும் தனித்தனியாக ஓடுவது. நீங்கள் ஒரு சர்வரில் இருந்து, பயனர் இன்னொரு சர்வரில் இருந்தால், பழைய ST01-இல் உங்கள் பக்கம் ஒரு வரிகூட வராது. “டிரேஸில் ஒன்றுமே இல்லை” என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். STAUTHTRACE-இல் சிஸ்டம் முழுவதற்கும் சேர்த்து இயக்கும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். ST01 மட்டுமே இருக்கும் இடத்தில், AL08-இல் பயனர் எந்த சர்வரில் இருக்கிறார் என்று பார்த்து, SM51 வழியாக அந்த சர்வருக்குப் போய் இயக்குங்கள்.

தோல்விகளை மட்டும் பதியச் சொல்லும் வசதியும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. 0 வந்த வரிகளும் கூட இருந்தால்தான், ஒரு தோல்விக்குப் பிறகு புரோகிராம் தொடர்ந்து ஓடியதா, அங்கேயே நின்றதா என்று தெரியும். படிப்பதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித் தொடங்குங்கள். 4 அல்லது 12 உள்ள ஒரு வரிக்குப் பிறகு அதே புரோகிராமிலிருந்து வேறு சோதனைகள் வரிசையாக 0 வாங்கியிருந்தால், அந்தத் தோல்வி யாரையும் தடுக்கவில்லை. பொதுவாகத் தடுத்தது, கடைசியில் நிற்கும் தோல்விதான். சந்தேகம் இருந்தால் அந்த வரியை இருமுறை கிளிக் செய்யுங்கள். சோதனை எழுதப்பட்ட மூல நிரலின் வரிக்கே கொண்டுபோகும். அதற்கு அடுத்த சில வரிகளில் `MESSAGE` இருக்கிறதா, வெறும் ஒரு மாறியை நிரப்பிவிட்டுத் தொடர்கிறதா என்று பார்க்க ஏபாப் படித்திருக்க வேண்டியதில்லை.

## ரோல் கொடுத்தாச்சு, SU01-இல் ரோல் தெரிகிறது. பயனருக்கு மட்டும் எதுவும் மாறவில்லை.

டிரேஸில் 12 வந்துகொண்டே இருக்கும் அறிகுறி இது. ரோல் என்பது ஒரு பெட்டி மாதிரி, சோதனையின்போது சிஸ்டம் பார்ப்பது ரோலை அல்ல, அதிலிருந்து உருவான ப்ரொஃபைலை. ஆக ரோலுக்கும் பயனரின் பஃபருக்கும் நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம்.

PFCG-இல் ரோலைத் திறந்து ஆத்ரைசேஷன் டேபின் விளக்கைப் பாருங்கள். பச்சை இல்லை என்றால் ரோலை மாற்றிவிட்டு ப்ரொஃபைலை ஜெனரேட் செய்யவில்லை. உள்ளே போனால் எந்த ஆப்ஜெக்ட் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கிறது என்று தெரியும். மஞ்சள் என்றால் சாதாரண ஃபீல்டு ஒன்று காலி, சிவப்பு என்றால் பிளான்ட், கம்பெனி கோட் போன்ற நிறுவன மட்டத்து மதிப்பு காலி.

அடுத்து SU01-இல் பயனரின் ப்ரொஃபைல் டேபைப் பாருங்கள். ரோல் டேபில் ரோல் இருந்து, ப்ரொஃபைல் டேபில் அதற்குரிய ப்ரொஃபைல் இல்லை என்றால் யூசர் கம்பேரிசன் நடக்கவில்லை. PFCG-இன் யூசர் டேபிலிருந்தோ PFUD-இலிருந்தோ அதைச் செய்யுங்கள். ரோலை டெஸ்டிலிருந்து டிரான்ஸ்போர்ட் செய்து கொண்டுவந்த மறுநாள் காலையில் வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுவே.

தேதியையும் பாருங்கள். ரோலின் செல்லுபடிக் காலம் நேற்றோடு முடிந்திருக்கலாம், அல்லது நாளைதான் தொடங்கலாம். தேதி போட்டுக் கொடுக்கும் ரோல்களைத் தினமும் ஏற்றி இறக்குவது `PFCG_TIME_DEPENDENCY` என்ற பேட்ச் ஜாப். அது நள்ளிரவுக்குப் பிறகு ஓட வேண்டும். அது தோற்றுப்போனால், அன்றைக்குத் தொடங்க வேண்டிய ரோல்கள் யாருக்கும் ஏறாது. திடீரென்று ஒரே காலையில் ஐந்தாறு பேர் கூப்பிட்டால் முதலில் SM37-இல் இந்த ஜாபைத்தான் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரி என்றால், பயனரை முழுதாக வெளியேறி மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். ஒரு ஜன்னலை மூடினால் போதாது, எல்லா ஜன்னல்களையும் மூட வேண்டும். அதன் பிறகு SU56-இல் அந்த ஆப்ஜெக்ட் பஃபரில் இருக்கிறதா என்று பார்த்தால் கதை முடிந்தது.

## ஃபியோரியில் டைல் இருக்கிறது, உள்ளே போனால் தரவு வரவில்லை.

டைலே தெரியவில்லை என்றால் அது வேறு பிரச்சினை. பெரும்பாலும் ரோலில் அந்த கேட்டலாக் இருக்காது, அங்கே எந்தச் சோதனையும் தோற்கவில்லை, டிரேஸ் போட்டுப் பயனில்லை. டைல் இருந்து, திறந்ததும் தரவு வராமல் 403 என்று வந்தால், டைலுக்குப் பின்னால் இருக்கும் ஓடேட்டா சர்வீஸுக்கு அனுமதி இல்லை. ஆப்ஜெக்ட் `S_SERVICE`.

`/IWFND/ERROR_LOG`-இல் எந்த சர்வீஸ் என்று பெயரோடு கிடைக்கும். SU53-இலோ டிரேஸிலோ பார்த்தால் `SRV_NAME` ஃபீல்டில் நீளமாகப் புரியாத எழுத்துகள் வரும். அது சர்வீஸ் பெயரின் ஹாஷ், `USOBHASH` டேபிளில் கொடுத்தால் உண்மைப் பெயர் தெரியும். அந்த ஹாஷை ரோலில் கையால் ஒட்டாதீர்கள். PFCG மெனுவில் ஆத்ரைசேஷன் டிஃபால்ட் வகையில் சர்வீஸைச் சேர்த்தால் ஹாஷ் தானாக வரும். கேட்வே தனிச் சிஸ்டமாக இருந்தால் இரண்டு பக்கமும் தேவை: கேட்வே பக்கம் `IWSG`, பின்பக்கச் சிஸ்டத்தில் `IWSV`. முன்பக்கம் மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. சர்வீஸ் திறந்த பிறகும் பின்பக்கத்தில் `M_BEST_WRK` போன்ற வணிக ஆப்ஜெக்ட்கள் அப்படியே சோதிக்கப்படும் என்பதால், டிரேஸும் இரண்டு சிஸ்டத்திலும் போட வேண்டும்.

## பகலில் ஓடுகிறது, இரவு ஜாபாகப் போட்டால் அனுமதி இல்லை என்று நிற்கிறது.

ஜாபைப் போட்டவரின் அனுமதியோடு அது ஓடுவதில்லை. SM37-இல் ஜாபின் ஸ்டெப்பைத் திறந்தால் அங்கே ஒரு பயனர் பெயர் இருக்கும், சோதனை அவர் பேரில் நடக்கிறது. டிரேஸையும் அவர் பெயரில் போடுங்கள்.

## டிரேஸில் எல்லாம் 0. பிழை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

முதலில், சரியான சர்வர், சரியான கிளையன்ட், சரியான பயனர் என்று மறுபடி உறுதி செய்யுங்கள். அதுவும் சரி என்றால், அந்தச் செய்தி ஆத்ரைசேஷன் சோதனையிலிருந்து வரவில்லை.

பிழைச் செய்தியை இருமுறை கிளிக் செய்தால் அதன் எண் தெரியும், செய்தி வகுப்பும் மூன்று இலக்க எண்ணும். வகுப்பு `Z` அல்லது `Y`-இல் தொடங்கினால், உங்கள் நிறுவனத்தில் யாரோ எழுதிய நிரல் அது. SE91-இல் அந்த எண்ணைக் கொடுத்து எங்கே பயன்படுகிறது என்று தேடினால் நேரே நிரலுக்குப் போகலாம். பெரும்பாலும் அங்கே, யார் யார் எந்த பிளான்ட்டில் வேலை செய்யலாம் என்று ஒரு Z டேபிளில் எழுதிவைத்து, அதைப் படித்து முடிவெடுப்பார்கள். PFCG-இல் என்ன செய்தாலும் இது தீராது, டேபிளில் ஒரு வரி சேர்த்தால் உடனே தீர்ந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் கணக்குப் பிரிவில் மாதக் கடைசியில் வரும். பயனர் போஸ்டிங் செய்யும்போது, அந்தக் காலம் திறந்திருக்கவில்லை என்று செய்தி வருகிறது. அனுமதி என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவர் அதே காலத்தில் போஸ்ட் செய்கிறார். OB52-ஐத் திறந்து பாருங்கள். மாதத்தை முடிக்கும் நாட்களில், முதல் கால இடைவெளிக்கு ஒரு ஆத்ரைசேஷன் குரூப் போட்டு, அந்தக் குரூப் உள்ளவர்களுக்கு மட்டும் பழைய மாதத்தைத் திறந்துவைத்திருப்பார்கள். சோதிக்கப்படும் ஆப்ஜெக்ட் `F_BKPF_BUP`. டிரேஸ் போட்டால் அது 4 அல்லது 12 வாங்கி நிற்கும், திரையில் மட்டும் காலம் மூடியிருக்கிறது என்ற செய்தி. இதில் அனுமதியைக் கொடுக்கும் முன் கணக்குத் தலைமையிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டுமென்றே போட்ட பூட்டு அது, பெரும்பாலும் பயனர் தேதியை மாற்றிப் புதிய மாதத்தில் போஸ்ட் செய்ய வேண்டும் என்பதுதான் பதிலாக இருக்கும்.